துளசி அக்காவின் ஏழு நாள் தாள்

எனக்கு வாய் நீளம். லோரி ஓட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த வாயைக் கட்டிப்போட்ட ஒரே ஆள், புக்கிட் ரோத்தானில் என் பக்கத்து வீட்டுத் துளசி அக்கா. அவர் புண்ணியத்தில்தான் இன்றைக்கு என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

விபத்தில் இடுப்பெலும்பு உடைந்த பிறகு என்னால் லோரி ஏற முடியவில்லை. கோலாலம்பூரில் ஒரு கேம் கம்பெனி வேலை கொடுத்தது. இன்னும் வெளிவராத விளையாட்டை வீட்டிலிருந்தே ஆடிப் பார்த்துப் பிழை சொல்ல வேண்டும். தினமும் இரவு எட்டுக்குப் புதிய பதிப்பு வரும், நாற்பது ஜிபி. நொடிக்கு நூறு மெகாபிட் வேகமுள்ள என் இணைய லைனில் ஒரு மணி நேரத்தில் இறங்க வேண்டியது, பன்னிரண்டே முக்கால் வரை இழுத்தது. ரிப்போர்ட்டோ பன்னிரண்டுக்குள் போக வேண்டும்.

மோடத்துக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் வேகம் பார்க்கும் தளத்தைத் திறந்தால் எந்த நேரமும் நூறு காட்டியது. இணையக் கம்பெனிக்குப் போன் போட்டால், "உங்க லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார்கள்.

என் மேலாளர் மாதவி கடைசியில் சொல்லிவிட்டார்: "மத்த எல்லாருக்கும் இறங்குது சேது. இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன், அப்புறம் வேற ஆள்தான்."

நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் இணையக் கம்பெனியைத் திருடன் என்று கிழித்துத் தொங்கவிட்டேன்.

மறுநாள் மாலை துளசி அக்கா வந்தார், ராவாங் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய அதே சட்டையோடு. தோட்டத் தொழிலாளி வீட்டில் பிறந்து, பதினெட்டு வயதில் வேலைக்குப் போனவர். இருபத்தாறு வருடமாக, மணிக்கு ஒரு தடவை போத்தல் மூடிகளை எடைபோட்டு எழுதுவதுதான் அவர் வேலை.

"திருடன்னு எழுதியிருக்கியே தம்பி, அளந்தியா?"

"அளக்க என்னக்கா இருக்கு, பாத்தாலே தெரியுதுலா!"

"பாத்தா தெரியும்னா எனக்கு எதுக்குச் சம்பளம்?"

ஒரு தாளில் கோடு போட்டார். ஒரே கோப்பு, ஒரே கணினி, தினம் அதே ஐந்து நேரம். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதலில் வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து நேரே கேபிள் போடச் சொன்னார். பகல் வேகம் அறுபதிலிருந்து தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது. மோடத்தை இரும்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த புத்திசாலி நான்தான்.

"இதுக்கும் அவங்கதான் திருடனா?" என்றார்.

ஆனால் இரவு எட்டு அடித்ததும் கேபிளிலும் வேகம் பத்துக்கு விழுந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள், போகிற தரவை மூடி மறைத்து வேறு வழியாகக் கொண்டுவரும் விபிஎன் போட்டுப் பார்த்தேன். எண்பத்தைந்து! மேசையில் ஓங்கித் தட்டினேன்.

"மாட்டிக்கிட்டான்க்கா!"

"இரு. அது வேற ரோட்டுல போவுதுன்னு நீதானே சொன்ன? பழைய ரோட்டுல வெறும் ஜாமா இருந்தா?"

லோரிக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது! எத்தனை ஜாமுக்கு வேறு ரோடு பிடித்தவன் நான்!

"என் வேலை போயிரும்க்கா" என்றேன்.

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுடா."

பிழை பார்க்கும் நண்பர்களிடம் விசாரித்ததில் ஒரு சோதனைச் செயலி கிடைத்தது. அது ஒரே சர்வரிலிருந்து ஒரே வழியில் இரண்டு முறை இறக்கும். முதல் முறை, கேம் டவுன்லோட் என்று அடையாளம் தெரியும்படி. அடுத்த முறை, அதே அளவு தரவை அடையாளம் தெரியாமல் கலைத்து. வழி நெரிசல் என்றால் இரண்டுமே மெதுவாக வர வேண்டும். இரவு எட்டரைக்கு மாற்றி மாற்றி ஐந்து தடவை ஓட்டினோம். அடையாளம் தெரிந்தது பத்து, தெரியாதது எண்பத்தெட்டு. மதியம் மூன்றுக்கு இரண்டும் ஒன்றே.

ஏழு நாளும் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அக்கா வந்தார். விடியற்காலை ஐந்துக்கு பஸ் பிடிக்க வேண்டியவர். ஏழாம் நாள், "இப்ப எழுது. திட்டாம எழுது" என்றார்.

தாளை இணையக் கம்பெனிக்கும் மாதவிக்கும் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: என் திட்டத்தில் இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கேம் போன்ற பெரிய டவுன்லோடுகளுக்கு ஒரு வேகக் கட்டுப்பாடு இருந்ததாம், நீக்கிவிட்டார்களாம். அன்றிரவு நாற்பது ஜிபி ஐம்பத்தேழு நிமிடத்தில் இறங்கியது. மாதவி போன் செய்து, "உங்கள நம்பாம பேசிட்டேன் சேது, மன்னிச்சிருங்க" என்றார். போனை வைத்ததும் அழுதுவிட்டேன்.

வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினேன்: "அக்கா, சரியாயிருச்சுக்கா!"

"ஒரு நாள் பத்தாது. ஏழு நாள் எழுது!"

எழுதினேன். அவர் தாளைப் போலவே கோடு போட்டு, கீழே அளந்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பக்கத்தில் சரிபார்த்தவர் என்ற இடத்தை விட்டுவைத்து, எட்டாம் நாள் அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன். பேனாவை வாங்கியவர் எழுதாமல் அந்த இடத்தைக் காட்டினார்.

"இது சூப்பர்வைசர் போடுற எடம்பா. இருபத்தாறு வருஷமா நான் அளந்ததுக்கெல்லாம் வேற யாராச்சும்தான் இங்க போடுவாங்க."

"இங்க நீங்கதான்க்கா."

மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு, அப்பா பெயரையும் சேர்த்து, முழுப் பெயராகக் கையெழுத்துப் போட்டார்.