சைக்கிளில் விட்ட மூச்சு

சங்கு குளிக்கப் போகிறவனுக்கு இளைப்பு வந்தால் அதை வெளியே சொல்லக் கூச்சம். நானோ எதையும் வெளியே சொல்லக் கூசுகிறவன். சங்குப் பையோடு மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் தொங்கிக் கிடப்பேன். முகமூடியைச் சரிசெய்வதுபோல் நடிப்பேன். என்னோடு ஜோடியாக இறங்கும் மச்சான், என் மனைவியின் தம்பி, அதை முதலில் கவனித்தான்.

"என்ன அத்தான், கடலைக் கட்டிப் புடிச்சிட்டு கெடக்கீரு? அக்கா பார்த்தா கோவிச்சுக்கிடுவா."

சிரித்தேன். சிரிக்கவும் மூச்சு வாங்கியது.

நெஞ்சு டாக்டர் படம் எடுத்தார். குழாயில் ஊதச் சொன்னார். நுரையீரல் நன்றாக இருக்கிறது, இந்த வயதில் இவ்வளவு பெரிய மூச்சு பலருக்கும் இருக்காது என்றார். இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். படுத்திருக்கும்போது பெரிதாகக் குறை ஒன்றும் தெரியவில்லையாம். "உடம்பு கஷ்டப்படும்போது பார்த்தால்தான் தெரியும்" என்று சொல்லி, மாஸ்க் மாட்டி சைக்கிள் மிதிக்க வைக்கும் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதன் முடிவு வரும் வரை இறங்கக் கூடாது. முடிவு சரியில்லை என்றால் எப்போதுமே இறங்கக் கூடாது. எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஏசி அறை. ஓடாத சைக்கிள். சோதனை எடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவள் முன்னால் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது எனக்குப் பெரும் பாடாக இருந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு மாஸ்க் மூடியது. விரலில் ஒரு கிளிப்.

"உள்ள போற காத்துல எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு நமக்குத் தெரியும், அண்ணாச்சி. வெளிய விடுறதுல எவ்வளவு மிச்சம் வருதுன்னு மிஷின் பாக்கும். நடுவுல கொறஞ்சது உங்க உடம்பு எடுத்துக்கிட்டது. மிதிக்க மிதிக்கப் பாரத்தைக் கூட்டிக்கிட்டே போவேன். ஒரு நிமிஷத்துல உங்க உடம்பால அதிகபட்சம் எவ்வளவு எடுக்க முடியும்னு தெரியணும். முடியவே முடியாதுங்கிற வரைக்கும் மிதிக்கணும்."

தலையாட்டினேன். மிதித்தேன். பாரம் ஏறியது. இறுதி வரை மிதிக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். ஆனால் தலை வெடிப்பதுபோல் வலித்தது. கால் சோரும் முன்பே நிறுத்திவிட்டேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, நீங்க ஏன் மூச்சே விட மாட்டேங்கீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடலடியில், முதுகில் கட்டிய சிலிண்டரின் காற்று சீக்கிரம் தீரக் கூடாதென்று நாங்கள் எல்லோரும் செய்வது அது. ஒரு மூச்சு இழுத்து, உள்ளேயே கொஞ்சம் வைத்திருந்து, பிறகு மெல்ல விடுவோம். நல்ல குளியாள் என்று பெயர் வாங்கியதே அப்படித்தான். சாயங்காலம் தலைவலி வருவதும் அதனால்தான். வாயில் எதையாவது மாட்டினால் போதும், உடம்பு தானாக அதைச் செய்துவிடுகிறது. கெட்ட காற்று உள்ளே தேங்கி என் தலைதான் தோற்றது. நெஞ்சும் காலும் களத்தில் இறங்கவே இல்லை.

"இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. திரும்ப எடுக்கணும்" என்றாள்.

வீட்டில் அதைக் கேட்டு மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏக்கா, ஒம் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் காத்தையும் மிச்சம் புடிச்சிட்டு வந்திருக்காரு!"

மனைவியும் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. மூச்சை ஒழுங்காக விட்டால் சரியாகத்தானே வரும்? கோளாறு இந்தப் பழக்கத்தில்தான் என்று மூவருமே நம்பிவிட்டோம். அடியில் நீந்தக் காலில் மாட்டும் என் துடுப்புச் செருப்புகளை மச்சான் கழுவிக் காய வைத்தான்.

மறுமுறை அந்தப் பெண் என் பக்கத்திலேயே நின்றாள். "விடுங்க. நாய் மாதிரி இளைச்சாலும் பரவால்ல, விடுங்க." வெட்கத்தை விட்டு இளைத்தேன். மாஸ்க்குக்குள் எச்சில் ஒழுகியது. "இன்னும், இன்னும்" என்று அவள் கத்தினாள். தொடை எரிந்தது. நெஞ்சு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கால் நின்றபோது நானாக நிறுத்தவில்லை.

டாக்டர் என்னையும் மனைவியையும் உட்கார வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினார். அதிகபட்ச அளவு என் வயதுக்கும் எடைக்கும் வர வேண்டியதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

"நொரையீரல்தானா, சார்?" என்று மனைவி கேட்டாள். அப்படியிருந்தால் மருந்து இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"இல்லம்மா. இவரால இன்னும் எவ்வளவோ காத்து இழுக்க முடிஞ்சிருக்கும். கடைசி வரைக்கும் ரத்தத்துல ஆக்சிஜன் குறையவும் இல்ல. வாசல் வரைக்கும் சரக்கு வருது. எடுத்துட்டுப் போற வண்டிதான் பத்தல." ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு துடிப்புக்கும் உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று சொல்கிற கோடு. பாரம் ஏற ஏற அதுவும் ஏற வேண்டுமாம். எனக்குப் பாதியிலேயே படுத்து, உப்பளம்போல் தட்டையாகப் போயிருந்தது. "அதுக்கு மேல துடிப்பு வேகமாச்சே தவிர, ஒரு துடிப்புக்குத் தள்ளுற ரத்தம் கூடல. இதயத் தசை தளர்ந்திருக்கு."

"அப்ப காலு?" என்று நான் கேட்டேன். என்னவோ அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"கால் தசையும் கொஞ்சம் சோர்ந்திருக்கு. வீட்டுல உக்காந்துட்டீங்கல்ல. வர்ற ரத்தத்துல இருந்து ஆக்சிஜனை எடுத்து எரிக்கிறது தசைதான். நடந்தா அது தேறும், ஓரளவு. இதயத்துக்கு மாத்திரை தரேன், பாத்துக்கலாம். ஆனா கடலுக்கடியில, நீரோட்டத்துல, திடீர்னு முழு பலமும் தேவைப்பட்டா உங்ககிட்ட இருக்காது. இறங்கக் கூடாது."

"ரொம்ப நேரம் மூச்சடக்குவேன், சார்."

அவர் கோபப்படவில்லை. "அது கம்மியா செலவழிக்கிற தெறமை. நான் பாத்தது, தேவைன்னா எவ்வளவு செலவழிக்க முடியும்னு."

வெளியே வந்து மனைவி ஆட்டோவுக்குக் கை காட்டினாள். முதல் சோதனையோடு விட்டிருக்கலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

மச்சான் இப்போது வேறொருவனோடு இறங்குகிறான். மூச்சைப் பிடித்து வைக்காதே, ஒழுங்காக விடு என்று சொன்னேன். "விட்டா காத்து தீந்துரும் அத்தான், பொறவு சங்கை யாரு எடுப்பா?" என்றான். துடுப்புச் செருப்புகளை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பீச் ரோட்டில் நானும் மனைவியும் நடக்கிறோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் தானாகப் பேசுகிறவன் இல்லை என்பதால் அவள் எதையாவது கேட்டுக்கொண்டே வருவாள். மத்தியானக் குழம்பில் உப்பு எப்படி, மகள் போனில் என்ன சொன்னாள். நான் பதில் சொல்வேன். அவள் என் மூச்சைக் கேட்டு நடையைக் குறைப்பாள், கூட்டுவாள்.

நேற்று வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. தலையைத் திருப்பாமல் நடந்தேன்.

"தம்பி வள்ளம் வந்துட்டான்னு பாருங்க" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவள் உடனே நின்றுவிட்டாள். "மூச்சு வாங்குதோ?"

வாங்கவில்லை. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன். கடலுக்கு முதுகைக் காட்டி, ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்தோம்.