முந்நூறு சாக்கு விரலி மஞ்சள்

வடகரப்பதியில் பூவாத்தாளைப் பற்றிக் கேட்டால், கொச்சித் துறைமுகத்துக்குப் பெட்டி அனுப்பிய அம்மா என்பார்கள். பெட்டி என்பது கப்பலில் ஏற்றும் இரும்புக் கண்டெய்னர். அவள் அதை அனுப்பியது எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில். பெரிய சம்பாத்தியத்துக்காக அனுப்பினாள் என்று நினைப்பவர்கள் உண்டு. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சொல்தான்.

வேலந்தாவளத்தில் மண்டி வைத்திருந்த கந்தப்பன் பதினோரு வருஷமாக அவள் மஞ்சளை இரண்டாம் தரம் என்றே எழுதிவந்தார். விரலிகளை எடுத்து ஒடிப்பார், ஓசையைக் கேட்பார், சீட்டில் இரண்டு என்று போடுவார். நன்கு காய்ந்த விரலி ஒடியும்போது கண்ணாடி உடைவதுபோல ஒலிக்க வேண்டும். அவள் விரலி அப்படித்தான் ஒலித்தது. புருஷன் இருந்த காலத்தில் அதே காட்டு மஞ்சளுக்கு முதல் தரம் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு மண்ணும் மாறவில்லை, வேகவைக்கும் கொப்பரையும் மாறவில்லை. சீட்டு மட்டும் மாறியது.

அந்த வருஷம் அவளது ஆறு ஏக்கரும் கொழுந்தன் ஆறுச்சாமியின் நாலு ஏக்கரும் சேர்ந்து நன்றாக விளைந்தன. துபாயில் மளிகைச் சரக்கு வியாபாரம் செய்யும் சுவக்கீன் விடுமுறைக்கு மூணாறு வந்திருந்தான். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன், மண்டிக்காரர்களைத் தாண்டி நேராக விவசாயியிடம் வாங்கப் பார்த்தான். யாரோ சொல்லி டாக்ஸி வைத்துக்கொண்டு அவள் களத்துக்கு வந்து நின்றான்.

விரலியை ஒடித்தான். ஓசை கேட்டதும் அவன் முகம் மாறியதைப் பூவாத்தாள் பார்த்துக்கொண்டாள். ஆனால் வாயில் வந்தது வேறு. சரக்கு நல்லதுதான், மேலே கொஞ்சம் மஞ்சள் பொடி பூசிப் பளபளப்பாக்கிக் கொடுத்தால் அங்கே கடையில் எடுப்பாக இருக்கும் என்றான்.

"பூச்சு எதுக்குங்க? ஒடிச்சா உள்ள என்ன நெறமோ அதுதான் எம் மஞ்சள். பூசுன மஞ்சள் வேணும்னா வேற காட்டுக்குப் போங்க."

சுவக்கீன் சிரித்துவிட்டான். "யக்கா, வாங்க வந்தவனையே வெரட்டுதியளே. சரி, பூச்சு வேண்டாம். தரத்த என்னான்னு எழுத?"

அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். அக்மார்க் தரத்தில் ஸ்பெஷல் என்று எழுத வேண்டும் என்றாள். நூறு கிலோ விரலியில் இரண்டு கிலோவுக்கு மேல் உருண்டைக் கிழங்கு கலக்கக் கூடாது, உடைந்த துண்டும் அதே அளவுதான். பாலக்காட்டுக்கு மூன்று முறை பஸ் ஏறிப் போய் இதையெல்லாம் கேட்டு வந்திருந்தாள். ரிசர்வ் வங்கியிடமிருந்து ஏற்றுமதி எண் வாங்கவே ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரே குவியலிலிருந்து மூன்று மாதிரிப் பைகள் கட்டி மூன்றிலும் அரக்கு வைத்தார்கள். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று கொச்சியில் கப்பல் காகிதம் பார்க்கும் ஏஜெண்ட் ஏசுதாசுக்கு. தகராறு வந்தால் மூன்றாவது பை பேசும்.

மூட்டைக்குச் செலவு குறைய உரச்சாக்கில் கட்டலாமே என்று ஆறுச்சாமி சொன்னான். உர வாடை ஏறிய சரக்கைக் கடல் தாண்டி எவன் வாங்குவான் என்று அவள் அவனை ஒரே கேள்வியில் உட்கார வைத்தாள். புதுச் சணல் சாக்கு, ஐம்பது கிலோ நிகர எடை, முந்நூறு சாக்கு, மொத்தம் பதினைந்து டன். இரும்புப் பெட்டிக்குள் கடல் காற்றில் வேர்த்து ஈரம் சொட்டும் என்பதால் தரையில் பலகையும் சுவரில் கெட்டிக் காகிதமும் வைக்க ஏசுதாஸ் எழுதியிருந்தார். அந்தச் செலவை சுவக்கீன் ஏற்றுக்கொண்டான்.

பணத்தில்தான் இழுபறியானது. பத்துப் பங்கில் ஒரு பங்கு இப்போது, மீதி சரக்கு துபாயில் இறங்கி விற்ற பிறகு என்றான்.

"அது மண்டிக் கணக்குங்க. வித்தா குடுக்கறேன்னு சொல்றவங்க இங்கயே இருக்காங்க. அதுக்குக் கடல் தாண்டோணுமா?"

அவள் சொன்ன கணக்கு வேறு. பத்தில் மூன்று பங்கு முன்பணம், வங்கி வழியாக, சாக்கு வாங்கும் முன்பே. மீதி ஏழு பங்குக்கு, கப்பல் கம்பெனி தரும் ரசீதும் அக்மார்க் சான்றும் அவள் வங்கியிலிருந்து அவன் வங்கிக்குப் போகும். பணம் கட்டினால்தான் அவன் கையில் காகிதம் வரும், காகிதம் இருந்தால்தான் துறைமுகத்தில் பெட்டி வரும். சரக்கைப் பார்க்காமல் பணம் கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று அவன் கேட்டான். அதற்குத்தான் சான்று, அதற்குத்தான் அரக்கு வைத்த பை என்றாள். சாயங்காலம் வரை பேசி, அவன் கையெழுத்துப் போட்டான். முன்பணம் பங்குனி முடிவதற்குள் வந்தது.

சாக்குப் பிடிக்கும் வேலையை ஆறுச்சாமி பார்த்தான். தைத்து அடுக்கிய பிறகு, முத்திரைச் சீட்டுக் கட்ட அக்மார்க் அதிகாரி வந்தார். அன்று சரக்கேற்றுவதைப் பார்க்க சுவக்கீனும் வந்திருந்தான். அதிகாரி சாக்குகளில் ஊசி விட்டு மாதிரி எடுத்தார், ஒடித்தார், கிழங்கைப் பிரித்து நிறுத்தார். தரம் சரி. பிறகு பத்து சாக்கைத் தராசில் ஏற்றினார். சாக்கின் எடை கழித்து பத்தும் ஐம்பத்தொரு கிலோ.

ஆறுச்சாமி திகைத்து நின்றான். மண்டிக்குப் போகும் ஒவ்வொரு சாக்கிலும், காய்ந்து குறையும் எடைக்கு ஈடாக, வாடல் என்று ஒரு கிலோ கூடப் போட்டே அவன் கைக்குப் பழக்கம். "வாடல் போடாம எப்படி அண்ணி சாக்குக் கட்டறது" என்றான்.

சீட்டில் ஐம்பது என்று இருக்கிறது, சாக்கில் ஐம்பத்தொன்று இருந்தால் சீட்டுக் கட்ட மாட்டேன் என்றார் அதிகாரி. பாலக்காடு போய்விட்டு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறினார்.

சுவக்கீன் அவளைத் தனியே அழைத்தான். "யக்கா, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரக்கு கொச்சியில இருக்கணும். இல்லைன்னா கப்பல் போயிரும், நம்ம பேச்சும் போயிரும். நிறுத்த பத்துச் சாக்க மட்டும் சரி பண்ணுங்க. மத்ததுல ஒரு கிலோ கூட இருந்தா யாருக்கு என்ன நட்டம்?"

"எனக்குத்தாங்க. பதினோரு வருசமா அந்த ஒரு கிலோவக் குடுத்துத்தான் ரெண்டாந்தரம்னு பேரு வாங்கியிருக்கறேன். கப்பல் போனாப் போகட்டும்."

மணி எட்டு. அவள் காட்டில் வேலை செய்யும் மருதாத்தாளும் பழனாத்தாளும் களை வெட்டப் போனவர்களைத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இரண்டு தராசு வாங்கினார்கள். தையலைப் பிரிப்பதும் ஒரு கிலோ அள்ளுவதும் நிறுப்பதும் தைப்பதுமாக இருபத்திரண்டு பெண்கள். ஆறுச்சாமி சாக்குத் தூக்கினான். மத்தியானம் சோற்றை நின்றுகொண்டே தின்றார்கள். சும்மா நின்ற சுவக்கீனைப் பார்த்து, "தொரைக்கு ஊசி புடிக்கத் தெரியுமா?" என்று மருதாத்தாள் கேட்டாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் தைத்த நாலு சாக்கை அவள் பிரித்து மறுபடி தைத்தாள்.

நாலேகாலுக்கு வந்த அதிகாரி அவர் இஷ்டத்துக்கு இருபது சாக்கை இழுத்து நிறுத்தார். பிறகு சீட்டுக் கட்ட உட்கார்ந்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஸ்பெஷல் என்று அச்சடித்திருந்தது. பூவாத்தாளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எந்த எழுத்து எந்த இடத்தில் என்று கேட்டு, விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பொழுது சாயும்போது இரண்டு லாரியும் கிளம்பின. மறுநாள் மதியம் சரக்கு பெட்டிக்குள் ஏறிவிட்டதாக ஏசுதாஸ் தந்தி கொடுத்தார்.

களத்தில் முந்நூறு கிலோ குவிந்து கிடந்தது. அதை ஆறு சாக்காகக் கட்டினாள். விஷயம் கேள்விப்பட்டு கந்தப்பனே வண்டியோடு வந்தார், அதுவரை அவள் களத்தை மிதித்ததில்லை. மிச்சம் விழுந்த சரக்குத்தானே, பழைய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று சாக்கின் மேல் கையை வைத்தார்.

"கைய எடுங்க. மொதல்ல ஒடிச்சுப் பாத்துத் தரத்தச் சொல்லுங்க. சீட்டுல எழுதுங்க. அப்பறம் சாக்கத் தொடலாம்."

கந்தப்பன் ஒரு விரலியை ஒடித்தார். களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. இன்னொன்றை ஒடித்தார். சட்டைப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒன்று என்று எழுதினார்.

அவள் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஐம்பது ஐம்பதாத்தான் இருக்குதுங்க. வாடல் கெடையாது" என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏற்ற விட்டாள்.