மூன்று பொருள், ஒரு போலீஸ்காரர்

மலாயாவில் கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அமலில் இருந்தபோது, மலாக்கா டவுனில் கடை மாடியில் எங்கள் எழுத்தாளர் குழு கூடும். பையில் கைவிட்டு மூன்று பொருள் எடுப்போம். இருபது நிமிடத்தில் பல்லவியும் சரணமும் எழுதவேண்டும். மூன்றும் பாட்டில் வந்தால் போதாது, ஒவ்வொன்றும் பாட்டில் ஒரு வேலை செய்யவேண்டும்.

அன்று வந்தவை டார்ச் லைட், அரிசி டின், குடை. மேதாவியான நான் காதல் பாட்டு எழுதினேன்:

"டார்ச்சை இருமுறை சிமிட்டு மாமா,
அரிசி டின்னோடு காட்டோரம் வருவேன்."

குடை சரணத்துக்குள் நுழையுமுன் தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் நுழைந்தார். தாளைப் படித்தார். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி கொடுத்தால் சிறை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "காதல் பாட்டு, சார்," என்றேன்.

"காதலா? சும்மா கதை விடாதீங்க லா."

எங்கள் குழுச் செயலாளர் முத்தையா போட்டி விதிகளைச் சொன்னார். போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து விசில், சீப்பு, பஸ் டிக்கெட்டை எடுத்து வைத்தார்.

"எழுதுங்க. இருபது நிமிஷம்."

கடிகாரம் என் நெஞ்சுக்குள் ஓடியது. எழுதிப் பாடினேன்:

"விசிலடித்தால் திரும்ப மாட்டேன்,
சீப்பெடுத்தால் சிரித்துவிடுவேன்;
கிளேபாங் பீச் பஸ்ஸில் டிக்கெட் ரெண்டு
கேட்கக் கூச்சம், நீயே கேளு."

"நான் ஒரு டிக்கெட்தானே குடுத்தேன்?"

"அதான் காதல், சார்," என்றார் முத்தையா.

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. முதல் பாட்டைக் கிழித்து என்னிடமே தந்தார்.

"எரிச்சிருங்கண்ணே. அடுத்து வர்றவன் பாட்டு கேக்க மாட்டான்."

அதற்குப் பிறகு எழுதியதையெல்லாம், பயந்துபோன ஒருவரின் காதில் அது வேறு எப்படி ஒலிக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன்.