சாய்ந்த படத்திலிருந்து ஐந்து நாட்கள்

"அஞ்சு நிமிஷ வேலக்கா" என்று நான் சொன்னது ஞாயிறு மதியம், பிரிக்ஃபீல்ட்ஸில் என் அக்கா வீட்டு சோபாவில் கால் நீட்டிக்கொண்டு. ஐடி படித்தவன் வாயிலிருந்து வேறு எப்படி வரும்?

அக்கா என்றால் பெரியம்மா மகள். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஒரு வங்கியின் கஸ்டமர் சர்வீஸில் போன் எடுக்கிறாள். கோபக்காரக் கஸ்டமர்களை அவள் சமாளிக்கும் அழகை ரெக்கார்ட் செய்து காலேஜில் பாடமாக வைக்கலாம். அவளுடைய போன் திரையில் இருப்பதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் புரியாது. கொசு பறக்கிற மாதிரி இருக்கும். அவளுக்கு அது நிதானமான பேச்சு. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறார். வீட்டில் இருந்தால் அவரே பார்த்துச் சொல்லியிருப்பார், ஆனால் அன்றைக்கு ரோட்டில் இருந்தார். மிச்சம் இருப்பது மகள். ஃபார்ம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்புக்கு, போய் சில வாரங்கள்தான் ஆகின்றன.

பிரச்சினை மகளுடைய மறதி. அவள் பயிற்சி பிரிஃபெக்ட், மாணவர் தலைவர் ஆவதற்கு முந்தைய படி. பேட்ஜ் குத்திக்கொண்டு தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிற ரகம். ஆனால் இரண்டு தடவை பாடப்புத்தகம் இல்லாமல் போய் மாட்டிக்கொண்டாள். மூன்றாவது தடவை மாட்டினால் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்து ஸ்கூல் கால அட்டவணையை மாற்றியது. புதியது திங்கட்கிழமையிலிருந்து. வகுப்பாசிரியர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியதை போனில் படம் பிடித்து, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

"என் போன் அதுக்கு என்ன சொல்லுது தெரியுமா? 'படம்'. அவ்ளோதான்" என்றாள் அக்கா. "ராத்திரி பையில எது இருக்கணும்னு நான் கேக்கணும்டா. இவ 'எல்லாம் இருக்கும்மா'ன்னு சொல்லிட்டுத்தான் ரெண்டு தடவ மாட்டுனா."

"நான் மறக்கலம்மா, புக்குதான் என்ன மறந்துருச்சு" என்றாள் மகள் அறைக்குள்ளிருந்து.

"பேசாம எல்லா புக்கையும் தூக்கிட்டுப் போகச் சொல்லேன்" என்றேன்.

"போன வாரம் அதான் செஞ்சா. பை வார் அறுந்து மாடிப்படில உருண்டுச்சு. பாரு, நைலான் நூல்ல தச்சு வச்சிருக்கேன்."

சரி. படத்தை என் போனில் திறந்து, எழுத்துகளைப் பொறுக்கியெடுக்கும் வசதியை அழுத்தினேன். நொடியில் எல்லாம் எழுத்தாக வந்தது. பாடங்களுக்கு நடுவே செங்குத்துக் கோடுகள் போட்டு அழகான அட்டவணையாக அடுக்கி அக்காவுக்கு அனுப்பினேன். அவள் போன் வாசித்தது. அவள் முகம் சுருங்கியது.

"ஏன்டா ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவுல 'வெர்ட்டிகல் பார், வெர்ட்டிகல் பார்'னு கத்துது?"

"கோடுக்கா. பாக்க நல்லா இருக்கும்னு..."

"யாருக்குலா நல்லா இருக்கும்?"

மகள் அறைக்குள் சிரித்தாள். நான் கோடுகளைத் தூக்கிவிட்டு, ஒரு நாளுக்கு ஒரு மெசேஜ், ஒரு பாடத்துக்கு ஒரு வரி என்று மாற்றினேன். அவள் இன்னொரு கண்டிஷன் போட்டாள்: பாடத்தின் பெயர் முதலில் வர வேண்டும், நேரம் பிறகு. பைக்கு நேரம் தேவையில்லை, புத்தகம்தான் தேவை. சுருக்க எழுத்துகளும் வேண்டாம், முழுப் பெயர் வேண்டும். எல்லாம் நியாயம்தான். நானாக யோசித்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது.

இரண்டாவது தடவை கேட்டபோது இன்னொரு கூத்து. திங்கட்கிழமை நடுவில் 'ஆர்' என்று ஒரு பாடம். செவ்வாயில் 'இ'. புதனில் 'ஹெச்'. இதென்ன புதுப் பாடம் என்று படத்தைப் பார்த்தேன். ஓய்வு நேரத்துக்கு மலாயில் ரெஹாட் என்பார்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரே பத்தி, அதில் ஒரு நாளுக்கு ஓர் எழுத்தாக அந்தச் சொல் நின்றுகொண்டிருந்தது. கண்ணால் பார்க்கிறவனுக்கு அது ஒரு சொல். வரி வரியாக வாசிக்கிற போனுக்கு ஐந்து நாட்களில் ஐந்து தனி எழுத்துகள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆர்வமும் வந்தது. ஒரு கட்டத்தைப் பார்ப்பதென்றால் நாம் என்னதான் செய்கிறோம்? நாளுக்கு ஒரு தடவை இடமிருந்து வலம், நேரத்துக்கு ஒரு தடவை மேலிருந்து கீழ், இரண்டையும் ஒரே பார்வையில் முடித்துவிடுகிறோம். முடித்தது நமக்கே தெரிவதில்லை.

ஐந்து எழுத்துகளையும் 'ஓய்வு' ஆக்கி அனுப்பினேன். இந்தத் தடவை மகள் வெளியே வந்து என் போனை எட்டிப் பார்த்தாள்.

"யேய்! வியாழக்கிழம சீக்கிரம் விட்டுருவாங்களா? சூப்பர் மாமா! எப்படி செஞ்சீங்க?"

அக்கா கையை உயர்த்தினாள். "இரு. வெள்ளிக்கிழம?"

வெள்ளியைக் கேட்டோம். ஓய்வுக்குப் பிறகு பாடங்களுக்குப் பதிலாக ஆசிரியர்களின் பெயர்கள் வந்தன. வெள்ளிக்கிழமை தொழுகை நாள். எல்லாப் பிள்ளைகளும் சீக்கிரம் வீட்டுக்கு வருவார்கள். வியாழனில் அல்ல.

"அஞ்சு நிமிஷம் முடிஞ்சிருச்சாடா?" என்றாள் அக்கா.

படத்தை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். டீச்சர் பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறார். கட்டம் வலப்பக்கம் மேலே ஏறியிருந்தது. போன் நேர்கோட்டில் வாசிக்கும். வியாழனில் தொடங்கிய கோடு ஓய்வைத் தாண்டியதும் கீழிருக்கும் வெள்ளியின் வரிசையில் போய் நின்றது. அப்படியே ஒவ்வொரு நாளின் பின்பாதியும் மறுநாளுடையது. வெள்ளிக்குக் கீழே வேறு நாள் இல்லை, அடியிலிருந்த பெயர்ப் பட்டியல்தான். திங்களின் பின்பாதி மேலே நேரங்களோடு கலந்து கிடந்தது. இதை அப்படியே விட்டிருந்தால் நாளைக்கே பேட்ஜ் போயிருக்கும்.

லேப்டாப்பைத் திறந்து படத்தை நிமிர்த்தினேன். போனை நம்பாமல், மகளின் ரூலரைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரிசையாக நானே வாசித்தேன். அவள் தட்டச்சு செய்தாள். இன்னொன்றும் பிடிபட்டது. இரண்டு பீரியட் சேர்ந்து வரும் பாடத்துக்குக் கட்டம் அகலமாக இருக்கும், ஆனால் பெயர் நடுவில் ஒரு தடவைதான் இருக்கும். போன் அதை ஒன்றாக எண்ணியிருந்தது. மேலே நேர வரிசையில் எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோடு வரை என்று பார்த்து 'இரண்டு பீரியட்' என்று சேர்த்தோம். செவ்வாய் முதல் வெள்ளி வரை பளிச்சென்று முடிந்தது.

திங்களில் மாட்டிக்கொண்டோம். போர்டின் மேல் பிளாஸ்டிக் உறை. அதில் கூரை விளக்கு பட்டு, வலது மேல்மூலையில் ஒரு வெள்ளை வட்டம். ஓய்வுக்குப் பிறகு இருக்கும் முதல் இடம் முழுக்க வெளிச்சம். வட்டத்தின் அடியில் ஒரு கோட்டின் நுனி மட்டும் தெரிந்தது. அங்கே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"குரூப்ல கேளுக்கா."

அக்கா பேசிப் பதிவு செய்து கேட்டாள், திங்கள் ஓய்வுக்குப் பிறகு என்ன பாடம் என்று. டீச்சரிடமிருந்து உடனே பதில்: சிலா ருஜூக் கம்பார். படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்புள்ள மூன்று பெற்றோர் அதே படத்தை மறுபடி அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் முன்னதைவிட மங்கல்.

"கண்ணு தெரியாதுன்னு ஒரு வார்த்த போடேன்" என்றேன்.

"பிரைமரி ஸ்கூல் குரூப்ல போட்டேன். அதுக்கப்புறம் பாடத்தப் பத்தி யாரும் எங்கிட்ட பேசல, பாவம் பாவம்னுதான் பேசுனாங்க. இவளயும் அப்படியே பாத்தாங்க. எனக்கு ஜடுவால்தான்டா வேணும்." ஜடுவால் என்றால் அட்டவணை. அவள் குரல் கஸ்டமர் சர்வீஸ் குரலாக மாறியிருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. "பாப்பா, பழைய அட்டவணை இருக்கா?"

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கையால் எழுதி வைத்திருந்தாள், சுற்றிலும் பூ வரைந்து.

"ஏன் மாத்துனாங்க?"

"புது கணக்கு டீச்சர் வந்தாங்க மாமா. அதனால எல்லாத்தையும் இடம் மாத்தி இடம் மாத்தி வச்சிட்டாங்க."

இடம்தான் மாறியிருக்கிறது என்றால், வாரத்துக்கு ஒரு பாடம் எத்தனை பீரியட் என்பது மாறியிருக்கக் கூடாது. பழையதிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் எண்ணினோம், புதியதிலும் எண்ணினோம். மலாய் சரி. ஆங்கிலம் சரி. கணக்கு சரி. தமிழ் சரி. அறிவியல் முதலில் உதைத்தது. அகலமான கட்டம் ஒன்றை நான் விட்டிருந்தேன், திருத்தியதும் சரியானது. கடைசியில் இரண்டு பாடங்கள் மட்டும் புதியதில் ஒவ்வொரு பீரியட் குறைந்தன: வரலாறும் புவியியலும். வெள்ளை வட்டத்துக்குள்ளும் இரண்டு கட்டங்கள்.

"யெஸ்!" நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"எது மொதல்ல வரும்?" என்றாள் மகள்.

"தெரியாது. ஆனா பையில ரெண்டும் இருந்தா போதும்."

அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பீரியட் எண்ணிக்கையும் மாத்தியிருந்தாங்கன்னா?"

"மாத்தியிருந்தா மத்ததெல்லாம் எப்படிக்கா இவ்ளோ கரெக்டா வரும்?"

"நீ வியாழக்கிழமையும் கரெக்ட்டுன்னுதான் அனுப்புன." அவள் சிரிக்கவில்லை. "தெரிஞ்சத தெரிஞ்சதுன்னு எழுது. எண்ணிக் கண்டுபிடிச்சத அப்படின்னு எழுது. ரெண்டையும் ஒரே மாதிரி எழுதுனா நான் எத நம்புறது?"

ஆகவே திங்களின் அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: 'வரலாறு, புவியியல். ஒவ்வொரு பீரியட். படத்தில் தெரியவில்லை, எண்ணிப் பார்த்துப் போட்டது. எது முதலில் என்று தெரியாது.' மற்ற வரிகளோடு பார்த்தால் அசிங்கமாகத்தான் இருந்தது. அக்கா முழுவதையும் கொசு வேகத்தில் கேட்டுவிட்டு, மகளைப் பையோடு பக்கத்தில் உட்கார வைத்தாள். போன் ஒரு பாடம் சொல்ல, மகள் புத்தகத்தை அம்மா கையில் வைக்க, அம்மா தடிமனைத் தடவிப் பார்த்து உள்ளே போட்டாள். வரலாறும் புவியியலும் கடைசியாக உள்ளே போயின. நான் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குக் கிளம்பினேன்.

திங்கள் மத்தியானம் வரை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வேளை அங்கே இருந்தது ஓவிய வகுப்பாக இருந்தால்? ஐடி டிகிரியைத் தூக்கிக் கிள்ளான் ஆற்றில் போட வேண்டியதுதான். பள்ளி முடிந்து கொஞ்ச நேரத்தில், அக்காவின் போனிலிருந்து மகளின் குரல் பதிவு வந்தது.

"மாமா! ரெண்டும் வந்துச்சு! புவியியல் மொதல்ல, அப்புறம் வரலாறு. புவியியல் டீச்சர் புக் இல்லாதவங்க எழுந்திரிங்கன்னாங்க. பாதி கிளாஸ் எழுந்திருச்சு. நான் உக்காந்தே இருந்தேன். 'உனக்கு மட்டும் எப்படி படம் தெளிவா வந்துச்சு'ன்னு கேட்டாங்க. 'படம் இல்ல டீச்சர், அம்மா போன்ல வரி வரியா இருக்கு'ன்னேன். பேட்ஜ் இருக்கு மாமா, இன்னும் இருக்கு!"

இரண்டு தடவை கேட்டேன். பிறகு திங்கட்கிழமை மெசேஜைத் திறந்து, புவியியலை முதலில் வைத்து, வரலாற்றை அடுத்து வைத்து, நேரங்களைச் சேர்த்து, 'எண்ணிப் பார்த்துப் போட்டது' என்பதை நீக்கி அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்து அக்காவின் பதில் வந்தது. "கேட்டுட்டேன். மத்த நாளையும் மறுபடி கேட்டேன், நீ கை வச்சிருப்பியோன்னு. வைக்கல. நாளைக்கு செவ்வா, இவள பையோட கூப்புட்டுட்டேன்."