மாற்றாத டாலரின் லாபம்

என் மேசையின் கண்ணாடியை உடைத்தவன் என்னை அக்கா என்று கூப்பிடுபவன். பிரிக்பீல்ட்ஸில் மாடியில் எனக்கு வரிக்கணக்கு அலுவலகம். காப்பாரில் ரப்பர் வளையம் செய்து துபாய்க்கு ஏற்றுமதி செய்யும் அண்ணன் தம்பி இருவர் என் பழைய வாடிக்கையாளர்கள். கம்பெனியில் ஆளுக்குப் பாதி. துபாயிலிருந்து வரும் டாலரை அண்ணன் ரிங்கிட்டாக மாற்றாமல் டாலர் கணக்கிலேயே விட்டு வைப்பார். ரிங்கிட் சரிந்துகொண்டே போன காலம் அது. மாற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

அன்று வருடக் கணக்கில் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். தம்பி மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினான். கம்பெனிக் கணக்கில், மாற்றாமல் கிடக்கும் டாலரின் விலை ஏறியதால் வந்த லாபம் என்று ஒரு பெரிய தொகை இருந்தது. அடுத்த தாள் வரிக்கணக்கு. அதில் அதே தொகையை நான் கழித்திருந்தேன்.

"இங்க லாபம்னு போட்டிருக்கீங்க, அங்க இல்லன்னு கழிக்கிறீங்க. எங்கக்கா அந்தக் காசு? அண்ணன் பாக்கெட்டுலயா?"

பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். பொறுமை எனக்கு ரொம்ப நேரம் தாங்காது.

"ஒரே ஒரு டாலர எடுத்துக்கலாம்லா. இன்வாய்ஸ் போட்ட அன்னிக்கு அதோட விலை நாலு ரிங்கிட் முப்பது சென். பணம் வந்து சேர்ந்த அன்னிக்கு நாலு நாப்பது. அந்தப் பத்து சென் உண்மையான லாபம், அதுக்கு வரி உண்டு, சேர்த்துட்டேன். வருசக் கடைசியில ரேட்டு நாலு அறுபது. அந்த இருபது சென் பேப்பர்ல மட்டும்தான். டாலர் டாலராவே கிடக்கு, மாத்தல. மாத்துற அன்னிக்கு, வந்து சேர்ந்த நாலு நாப்பதுல இருந்து கணக்குப் பாப்பேன். வியாபாரக் காசு, அதனால கூடுனா வரி, குறைஞ்சா கழிவு. இப்ப ரெண்டும் இல்ல."

"அப்ப எனக்கு அந்தப் பத்து சென்னுல பாதிதானா?"

"மாத்தாத காச எப்படிடா பங்கு போடுறது?" என்றார் அண்ணன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, அதில் கெட்ட எண்ணம் இல்லையென்று தெரிந்தும்.

ஹெல்மெட் முதலில் மேசையில் இறங்கியது. கண்ணாடி நொறுங்கி என் மடியெல்லாம் கொட்டியது. இரண்டாவது அடி அண்ணனின் முகத்தில். அவர் நாற்காலியோடு மேசைமேல் சாய்ந்தார். தம்பி அவர் பிடரியைப் பிடித்து அழுத்தினான்.

"சொல்லுலா, எங்க என் காசு? சொல்லு!"

நான் கத்தினேன். தாளில் துளைபோடும் இரும்பு மெஷினை எடுத்து அவன் தோளில் வீசினேன். பட்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று கிடைத்திருந்தால் மண்டையில் வீசியிருப்பேன், அவ்வளவு வெறி எனக்கு. கீழே கறிக்கடை வைத்திருந்த அங்கிள் ஓடிவந்து அவனை இழுத்துத் தரையில் தள்ளினார். அண்ணன் தலையைத் தூக்கியபோது இடது கண் இருந்த இடத்தில் ரத்தமும் கண்ணாடியும்தான் தெரிந்தன. வரிக்கணக்குத் தாள்கள் அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அண்ணன், தடுக்கி விழுந்ததாகச் சொன்னார். "உங்களுக்கு மூள இருக்கா?" என்று கட்டிலருகே நின்று திட்டினேன். "எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாதும்மா" என்றார். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

பங்கு பிரித்தே ஆக வேண்டும் என்றான் தம்பி. டாலர் முழுவதையும் மாற்றச் சொன்னார் அண்ணன். அதற்குள் ரிங்கிட் ஏறிவிட்டிருந்தது. மாற்றிய அன்று நாலு இருபது. வந்து சேர்ந்த விலையிலிருந்து டாலருக்கு இருபது சென் நஷ்டம். இந்த முறை மாற்றியாயிற்று, அதனால் நஷ்டம் உண்மையானது. வரிக்கணக்கில் முறைப்படி கழித்தேன். அவன் அடித்துக் கேட்ட அந்த லாபம் ஒரு நாளும் யார் கைக்கும் வரவில்லை.

இருவரும் கையெழுத்துப் போட வந்தார்கள். புதுக் கண்ணாடி போடாத மரமேசை. நான் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். தம்பி தாளை வாசித்தான், நஷ்டம் என்ற வரியில் விரலை வைத்துத் திரும்பப் படித்தான், பிறகு கையெழுத்துப் போட்டான். அண்ணனின் பேனா கையெழுத்துக் கோட்டைத் தவறவிட்டு மேசையில் கிறுக்கியது. ஒற்றைக் கண் அவருக்கு இன்னும் பழகவில்லை.

"இங்கண்ணே," என்று தம்பி இடத்தைக் காட்டக் கையை நீட்டினான்.

அண்ணன் பேனாவைப் போட்டுவிட்டு, சட்டென்று பின்னால் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்.