வாட்ச்மேன் அண்ணாச்சியும் சேர்ந்து எழுதிய மெயில்

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் இருக்கும் மர அலமாரியில் வைத்துவிட்டு, சாயங்காலம்தான் எடுக்க முடியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். அன்று அப்படிப் பார்த்தபோதுதான் என் மகளின் ஹாஸ்டல் வார்டன் அனுப்பிய மெயில் கிடந்தது. சென்னையில் அவளுக்கு வேலை இன்டர்வியூ. கல்லூரி பஸ் அன்று சாயங்காலமே கிளம்புகிறது. தாயின் மெயிலிலிருந்து மூன்று மணிக்குள் அனுமதி வர வேண்டும், தமிழில் எழுதினாலும் போதும். போனில் சொன்னால் செல்லாது. தோழிகளை விட்டு அம்மா மாதிரிப் பேச வைத்த பிள்ளைகள் செய்த புண்ணியம்.

மெயில் ஐடி மகள் போட்டுக் கொடுத்ததுதான். அதில் நான் ஒரு எழுத்துகூட அடித்ததில்லை. சோற்றுத் தூக்கைத் திறக்கவில்லை. வெடிமருந்து ஒட்டிய கையைக் கழுவிவிட்டு வந்தால் ஈர விரலுக்குப் போன் அசைய மாட்டேன் என்றது. சேலையில் துடைத்துக்கொண்டு, வாட்ஸப்பில் அடிப்பதுபோல இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடித்தேன். வார்த்தைக்கு வார்த்தை சிவப்புக் கோடு. இரண்டு மூன்றை அதுவே என்னவோ இங்கிலீஷாக மாற்றியும் வைத்தது. கோடு விழுந்த மெயில் போகாது போலிருக்கிறது என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்தேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்ன தாயி, போனோட மல்லுக்கட்டுதீக?"

அவர் தன் மகனுக்குத் தமிழில் அடிக்கிறவர். கீபோர்டு செட்டிங்கில் தமிழைச் சேர்த்து, இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாகும் வகையைத் தேர்ந்தெடுத்தார். உலக உருண்டைப் படத்தைத் தொட்டால் மொழி மாறும் என்றார். amma என்று அடித்தேன், அம்மா வந்தது. magal அடித்ததும் மேலே இரண்டு மூன்று சொற்கள் வரிசையாக நின்றன, மகளைத் தொட்டு எடுத்தேன். பிழை பார்க்கிற மொழியும் இங்கிலீஷில் கிடக்கிறது என்று அதையும் தமிழுக்கு மாற்றினார். கோடுகள் குறைந்தன. நான் பேச்சுவழக்கில் எழுதியவற்றின் கீழே மட்டும் நின்றன.

"கோடு கெடந்தாலும் மெயில் போகும் தாயி. அது சும்மா சந்தேகம் கேக்குது, அம்புட்டுதான்."

ஆனால் நான்கு வார்த்தைக்குள் கால் மணி நேரம் போய்விட்டது. வேலைக்குத் திரும்பும் மணி அடிக்கப் பத்து நிமிடம்கூட இல்லை. அண்ணாச்சி மைக் படத்தைத் தொட்டார். "பேசுங்க. பேச்ச நிறுத்துனா அதுவே நின்னுரும்."

என் மகள் சென்னைக்குப் போகச் சம்மதம், அனுப்பிருங்க என்று பேசினேன். பேசப் பேச எழுத்து ஓடியது. முற்றுப்புள்ளியே இல்லை. அது கிடக்கட்டும் என்று விட்டேன். முடித்த மூச்சிலேயே அண்ணாச்சி கேட்டார்: "ஒத்தப் பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பணுமா தாயி?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஏதோ சொன்னேன். மணி அடித்தது. திரும்பிக்கூடப் படிக்காமல் அனுப்பும் அம்பை அழுத்தி, போனை அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன். சரவெடி பின்னும்போதெல்லாம் மெயில் போனதா போகவில்லையா என்றே நினைப்பு.

சாயங்காலம் போனை எடுத்து அனுப்பியதைத் திறந்தேன். அதில் நான் சொன்ன சம்மதம் இருந்தது. அதை ஒட்டியே அண்ணாச்சியின் கேள்வி. அதை ஒட்டி, புள்ளி இல்லாமல், நான்:

'அனுப்பாம என்னைய மாதிரி சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புவமான்னு தெரியாமயே தெனமும் கெளம்பணுமா அண்ணாச்சி இருவது வருசமா எனக்குப் பயமாத்தான் இருக்கு அவகிட்ட மட்டும் சொல்லிராதீக டப்பா ஒட்டுற வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்'

பேச்சை நிறுத்தினால்தானே மைக் நிற்கும். நாங்கள் எங்கே நிறுத்தினோம்? அது ஒரு வார்த்தையும் தப்பாகக் கேட்கவில்லை. போன மெயிலை எப்படிப் பிடுங்குவது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

வார்டனின் பதில் வந்திருந்தது. அனுமதி உண்டு. அச்செடுத்த உங்கள் மெயிலை மாணவி படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி, வாங்கிவிட்டோம்.

கையெழுத்து போட்டிருக்கிறாள். அப்படியானால் படித்திருக்கிறாள். கேட்டுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் போன் போடப் பயம். கீழே அவளுடைய மெயில் ஒன்று, பஸ்ஸிலிருந்து:

'அம்மா, வீட்டுக்கு வந்ததும் ஒரு மெயில் போடு. தினமும் போடு. வந்தால்தான் நான் சாப்பிடுவேன்.'

வேலை கிடைத்து அவள் சென்னையில் இருக்கிறாள். நான் இன்னும் கம்பெனிக்குத்தான் போகிறேன். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் vanthutten என்று அடிக்கிறேன். வந்துட்டேன் என்று வருகிறது, கீழே சிவப்புக் கோடு. நான் திருத்துவதில்லை.