மலைக்குப் போன மருந்துச் சீர்

எங்கள் ஊரில் விருந்தாளி இலையைக் கையால் மறித்து "போதுமுங்க" என்று சொன்னால், பரிமாறுகிறவருக்கு அது இன்னொரு கரண்டி ஊற்ற உத்தரவு. கையை விலக்கச் சொல்லி ஊற்றிவிடுவார்கள். ஊற்றாமல் போனால்தான் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வரும். இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ரசத்துக்கு அது நல்ல பழக்கம்தான். மருந்துக்கும் அதையே செய்தோம், அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்த மழைக்காலத்தில் மலைமேல் மண் சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் போய்விட்டன. சனங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர் மோட்டார் பம்பு கம்பெனி முதலாளி, தாராள மனசுக்காரர். உடனே ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, "மருந்து கொடுத்து உதவுங்கள்" என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டார். என்ன மருந்து, யாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் லாரி என்னிடம் சொல்லாமலே மலையேறிவிட்டது. இரண்டாவது லாரிக்குத்தான், "அம்மணி, நீங்க வந்து ஒரு பார்வை பார்த்துப்போடுங்க" என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். மணமேடையில் மலைபோல் மருந்து. போகிக்கு வீட்டைவிட்டுக் கழிக்க வேண்டியதெல்லாம் நிவாரணம் என்ற பெயரில் வந்து குவிந்திருந்தது. பாதி குடித்த இருமல் டானிக், மூடியில் எறும்பு. திறந்த கண் சொட்டு மருந்து. பாதி வெட்டின மாத்திரை அட்டைகள். காலாவதித் தேதி இருந்த பக்கம் யார் வீட்டிலோ தங்கிவிட்டது. கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு தறிக்காரர், டாக்டர்களுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் சாம்பிள்களை ஒரு சாக்கு நிறைய அனுப்பியிருந்தார். அவருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன், சிரித்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி வந்த டப்பா ஒன்று, எந்த நாட்டு எழுத்தென்றே தெரியவில்லை. வெயிலில் வைத்திருந்த பையில் இன்சுலின். அது ஃப்ரிட்ஜை விட்டு எப்போது இறங்கியது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. வீடிழந்தவர்களுக்கு முடி உதிராமலிருக்க ஒரு தைலமும் இருந்தது.

சாயங்காலம் வரை உட்கார்ந்து பிரித்தேன். மேலே கொடுக்கத் தகுந்ததாக, சீல் உடையாமல், தேதி நிறைய மிச்சமிருப்பதாக மூன்று பெட்டி தேறியது. அதுவும் பக்கத்துத் தெரு மருந்து மொத்த வியாபாரி பில்லோடு அனுப்பியது.

அப்போது முகாம் டாக்டரம்மா தலைவருக்கு போன் செய்தார். தலைவர் அதை ஸ்பீக்கரில் போட்டார். அந்தம்மாவும் பொள்ளாச்சிப் பக்கம்தான், மரியாதைக்குக் கேட்க வேண்டுமா?

"முதல்ல வந்த லோடே ஏகப்பட்டது இருக்குதுங்க. போதுமுங்க. இடந்தானுங்க கொஞ்சம் சிரமம்."

"அட, அதெல்லாம் பார்த்துக்கலாமுங்க. உங்களுக்கு இல்லாததா? நாளைக்கே இன்னொரு லாரி வருது" என்று தலைவர் வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "சங்கோசப்படறாங்க பாவம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்து, "நான் மருந்துக்கடைக்காரிங்க, என்கிட்ட மரியாதை வேண்டாம், நிசத்தைச் சொல்லுங்க" என்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் சனங்கள் படுக்க ஒரு பெரிய ஹால், அதைவிட்டால் ஒரே ஒரு தனி அறை. அந்த அறை முழுக்க எங்கள் முதல் லாரி. பிரித்துப் பார்க்க ஆளில்லை. கண்ட இடத்தில் கொட்ட முடியாது, குழந்தைகள் எடுத்துத் தின்னும், ஓடையில் கலக்கும். அதனால் பூட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது ஹாலில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. அவர்களைத் தள்ளி வைக்க இடமில்லை. அதே ஹாலில் எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தி, சின்ன வயசில் அம்மை வராதவள்.

"அவளுக்கு ஒட்டிக்கிச்சுன்னா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்துங்க. எனக்கு அந்த ரூம் வேணுங்க" என்றார்.

"மருந்து என்னதானுங்க வேணும்?"

"உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து, அரிப்புக்குத் தடவ லோஷன். அவ்வளவுதானுங்க. மீதி அரசாங்கக் கிடங்குலயே வருது. போன்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன்."

உள்ளே போய்த் தலைவரிடம் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உக்கடம் வரை கேட்கும். மூன்று பெட்டியை மட்டும் காரில் அனுப்புவோம், மீதிப் பேர் பணமாகக் கொடுக்கட்டும், கேட்டதைக் கிட்டத்திலேயே வாங்கிக்கொள்வார்கள் என்றேன்.

"பணம் கொடுத்தா கண்ணுக்கு என்ன தெரியும் அம்மணி? நாளைக்குக் கொடியசைக்க ஆள் வருது, பேனர் கட்டியாச்சு. சீர் கொண்டு போறவன் காலித் தட்டோட போவானுங்களா?" என்றார். என்னைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மறுநாள் நான் கழித்துப் போட்டதையும் சேர்த்து லாரி பாதி நிரம்பியது. கொடியசைத்தார்கள், படம் எடுத்தார்கள், டானிக் பாட்டில்கள் கலகலவென்று கிளம்பின. நான் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். தலைவர் என் கடமையுணர்ச்சியை மைக்கில் பாராட்டினார். லாரியைத் திருப்பிக் கொண்டுவரத்தான் போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

மலைமேல் மூன்று பெட்டியையும், டாக்டரம்மா கேட்டதென்று வழியில் வாங்கியதையும் மட்டும் இறக்கினோம். பிறகு அந்த அறையைத் திறந்தோம். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி, மழையில் ஊறி இளகி, மருந்து வாடை மூக்கில் ஏறியது. உபயோகப்படுவதை டாக்டரம்மா எடுத்து வைத்துக்கொண்டார், ஒரு மேசைக்குக்கூட வரவில்லை. மீதியை லாரியில் ஏற்ற ஆரம்பித்தோம். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கும் இடத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். போனதைவிட அதிகச் சுமையோடு திரும்பும் நிவாரண லாரி எங்களுடையதாகத்தான் இருக்கும். எனக்கே சிரிப்பு வந்தது.

ஹால் வாசலில் ஒரு பெண் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எடுத்துட்டா போறீங்க?"

"ஆமாங்க. பிள்ளைங்களுக்கு ரூம் வேணுமில்லீங்களா?"

"கொஞ்சமாச்சும் வெச்சுட்டுப் போங்கக்கா. எனக்கு அடுத்த மாசம். ராத்திரி பயமா இருந்தா இந்தக் கதவைத்தான் பார்த்துக்குவேன். உள்ள இவ்வளவு மருந்து இருக்கு, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்லியிருக்கலாம், சொல்ல மனசு வரவில்லை.

"இதுல உனக்கானது ஒண்ணுகூட இல்லை கண்ணு" என்றேன்.

அவளுக்குக் கோபமில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"அப்ப யாருக்குக்கா அனுப்புனீங்க?"